கேப்ஷன் உதவி: புது ஊரில் தனியாகப் பிறந்தநாள், ஆனால் சோகமாகத் தெரியக் கூடாது

ஹூக்ளி மீனா

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் கொல்கத்தா வந்து எனக்கு இது முதல் குளிர்காலம். நேற்று பிறந்தநாள். லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க நானாகவே சுற்றினேன். ஆபீஸில் யாருக்கும் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். நல்ல நாள். நிஜமாகவே நல்ல நாள்.

ஒரே ஒரு போட்டோ போடலாம் என்று இருக்கிறேன். ஃபேர்லி படகுத்துறையில் எடுத்தது. என் கையில் மண் குவளையில் டீ, பின்னால் ஹௌரா பாலம், பனியில் பாதிதான் தெரிகிறது. முகம் இல்லை. இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைப்பேன்.

இதுவரை எழுதியது இது:

"தனியாக இருந்தாலும் தனிமையில் இல்லை. புது ஊர், புது வயது, புது நான். எனக்கு நானே சிறந்த துணை."

படித்தால் எனக்கே ஏதோ இடிக்கிறது. என்னவென்று பிடிபடவில்லை. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் சேகர்

மனதைத் தளரவிடாதே தங்கச்சி. புது ஊர் என்றால் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். நானும் சூரத்தில் இருந்தவன், மொழி தெரியாமல் சாப்பாடு சரியில்லாமல் அழுதிருக்கிறேன். போகப் போகப் பழகிவிடும். பக்கத்தில் தமிழ்ச் சங்கம் இருந்தால் போய்ச் சேர்ந்துகொள். பிறந்தநாள் வாழ்த்துகள்.

ஹூக்ளி மீனா

ஐயோ அண்ணா, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்! கேப்ஷன்தான் கேட்டேன். வாழ்த்துக்கு நன்றி.

பழைய படக்குறிப்பு

சேகர் செய்ததை யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். மீனாவுக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. "நிஜமாகவே நல்ல நாள்" என்று அவர் மேலே எழுதியிருந்தும், சேகரின் காதில் விழுந்தது மேற்கோளுக்குள் இருந்த மூன்று வரிகள்தான். அந்த மூன்று வரிகளும் ஆறுதல் கேட்கின்றன.

ஒரு வாரப் பத்திரிகையில் பல வருடம் படங்களுக்குக் குறிப்பு எழுதும் வேலையில் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். "இருந்தாலும்" என்று எழுதிவிட்டால் அதற்கு முன்னால் இருப்பது ஒரு குறை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. "ஏழையாக இருந்தாலும் நல்லவர்" என்பது மாதிரிதான் "தனியாக இருந்தாலும்". அப்புறம் "தனிமையில் இல்லை". யாரும் கேட்காத கேள்விக்கு மறுப்புச் சொன்னால், படிப்பவன் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொள்வான். "எனக்குக் கோபமே இல்லை" என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

மூன்றாவது வரியில் வரும் "துணை" இன்னும் மோசம். துணை என்ற சொல்லை எடுத்தாலே பக்கத்தில் ஒரு காலி நாற்காலி வந்து நின்றுவிடுகிறது. அதில் நீங்களே போய் உட்கார்ந்துகொள்வதாக எழுதியிருக்கிறீர்கள்.

வரியை இப்போது விட்டுவிடுங்கள். நேற்று என்னென்ன செய்தீர்கள்? அழகாக எழுத வேண்டாம், செய்ததைச் செய்த வரிசையில் சொன்னால் போதும்.

நிலா ரீல்ஸ்

சார் சொல்வதெல்லாம் பத்திரிகைக் காலத்துக்குச் சரி. இன்ஸ்டாவில் கேப்ஷன் 125 எழுத்துதான், அதற்கு மேல் போனால் வெட்டிவிடும். அதனால் முதல் வரியிலேயே ஒரு ஹூக் வேண்டும். "இப்படி ஒரு பிறந்தநாளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை" என்று ஆரம்பியுங்கள், எல்லோரும் திறந்து படிப்பார்கள். ஹேஷ்டேக் நிறையப் போடுங்கள். தமிழ் எழுத்து சாதாரணமாக இருக்கும், ஸ்டைல் ஃபான்ட் மாற்றித் தரும் ஆப் இருக்கிறது, அதில் போட்டு எடுத்தால் கெத்தாக இருக்கும்.

ஹூக்ளி மீனா

சரி, நேற்றைய நாள்:

அலாரம் வைக்காமல் தூங்கினேன். எழுந்ததும் அம்மாவிடம் போனில் பேசினேன். அப்புறம் லேக் மார்க்கெட் போய் இட்லி சாப்பிட்டேன் (இங்கே நம்மூர்க்காரர்கள் ரொம்ப காலமாக இருக்கும் பகுதி அது, வாழையிலை, பூ, காபிப்பொடி எல்லாம் கிடைக்கும்). அங்கிருந்து பஸ்ஸில் ஃபேர்லி. ஹௌராவுக்குப் படகில் போகலாம் என்று நினைத்தேன். ஆற்றில் பனி கெட்டியாக இருந்ததால் படகை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டென்ஷனாக நின்றார்கள். நான் டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். எனக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை. ஹௌராவில்கூட வேலை எதுவும் இல்லை, போய்விட்டு அதே படகில் திரும்புவதுதான் திட்டம். அந்த போட்டோ அப்போது எடுத்தது.

மதியம் காலேஜ் தெருவில் பழைய புத்தகக் கடைகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாயேஷ் செய்தேன், இங்கே பிறந்தநாள் என்றால் அதுதான். கோபிந்தபோக் என்று ஒரு குட்டி அரிசி, வாசனை அரிசி, அதைப் பாலில் வேகவைத்து நொலேன் குர் போடுவார்கள். குளிர்காலத்தில் மட்டும் வரும் பேரீச்சை வெல்லம். சட்டி நிறையச் செய்து முழுதையும் நானே சாப்பிட்டேன், ராத்திரி பாதி, காலையில் பாதி.

பழைய படக்குறிப்பு

பாருங்கள், இதில் ஒரு இடத்திலாவது "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறீர்களா? ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தமிழ்ச் சங்கத்துக்குப் போகச் சொல்லமாட்டார்கள்.

நிலாவுக்கு முதலில் பதில். 125 என்ற எண்ணை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அது வெட்டுவதில்லை, மடிப்பது. கேப்ஷனுக்கு 2200 வரை இடம் உண்டு, மீதி "more" என்பதற்குள் போய்விடும், அவ்வளவுதான். அந்த 125-உம் ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கு. தமிழில் ஓர் எழுத்தை ஓர் எழுத்தாகக் கம்ப்யூட்டர் எண்ணுவதில்லை. "கொண்டாட்டம்" நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பதினொன்று, புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. போதாததற்கு நம் எழுத்து அகலம் அதிகம். போன் திரையில் பெயரோடு சேர்த்து இரண்டு வரி தெரிந்தால் அதிகம். ஆகவே முதல் வரி முக்கியம் என்று அவர் சொன்னது சரி, காரணம்தான் கொஞ்சம் வேறு.

ஸ்டைல் ஃபான்ட் வேண்டாம். அந்த ஆப்கள் எழுத்துருவை மாற்றுவதில்லை. ஆங்கில எழுத்துக்குப் பதிலாக அதே போலத் தெரியும் வேறு குறிகளை எடுத்து வைக்கின்றன, கணிதத்துக்கென்று ஒதுக்கிய தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாம் அதில் உண்டு. தமிழுக்கு அப்படி ஒரு மாற்றுத் தொகுதியே கிடையாது. தமிழைப் போட்டால் போட்டபடியேதான் வரும்.

இப்போது மடிப்பு நமக்கு ஏன் பெரிய தொல்லை என்று பார்ப்போம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. மீனா தன் நாளை ஒரே வாக்கியமாக எழுதினால் இப்படி வரும்:

"காலையில் லேக் மார்க்கெட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்து ஃபேர்லி வந்து பனியால் நின்றுபோன படகுக்காக டீ குடித்துக்கொண்டே..."

இந்த இடத்தில் மடிந்துவிடும். "அவசரமே இல்லாமல் நின்றேன்" என்பதுதான் விஷயம், அது உள்ளே போய்விட்டது. வெளியே தெரிவது ஒரு பஸ் ரூட். ஆங்கிலத்தில் எழுதுகிறவன் விஷயத்தை முன்னால் வைத்துவிட்டு விவரத்தை இழுத்துக்கொண்டே போகலாம், மடித்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. நாம் ஒவ்வொரு வாக்கியத்தையும் குட்டியாக முடித்துவிட வேண்டும். நான்கு சொல், முற்றுப்புள்ளி. அடுத்தது.

திண்டுக்கல் சேகர்

சரி சரி, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் போல. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், அந்த முதல் வரி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தனியாக, தனிமையில் என்று ஓசை நன்றாக வந்திருக்கிறது. இந்த மாதிரி வரிகளுக்குத்தான் லைக் விழும்.

பழைய படக்குறிப்பு

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. லைக்கும் விழும். ஆனால் அதை டேராடூனில் மலையைப் பார்க்கும் ஒருவரும் போடலாம், துபாயில் பால்கனியில் நிற்கும் ஒருவரும் போடலாம். மீனாவின் போட்டோவுக்கு அது ஒட்டவே இல்லை. படத்தில் டீயும் பாலமும் பனியும் தெரிகின்றன. தெரிவதை மறுபடி எழுதவும் வேண்டாம், அதற்குச் சம்பந்தமில்லாமல் தத்துவம் பேசவும் வேண்டாம். படத்தில் தெரியாத ஒன்றைச் சொன்னால் போதும். படகு நின்றுபோனது படத்தில் தெரியாது. அவருக்கு அவசரமில்லை என்பதும் தெரியாது.

ஸ்காபரோ தம்பி

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோ. வந்த புதுசில் என்ர பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது, ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டே இருந்தது. மீன் வாங்கிக் குழம்பு வைத்து, புட்டு அவித்து, ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன். அதைப் படம் எடுத்து "துணைக்கு ஒரு மீன்குழம்பு மட்டும்" என்று போட்டேன். பகிடிக்குத்தான் எழுதினேன். அவ்வளவுதான், ஊரிலிருந்து அம்மாவும் இரண்டு சித்திமாரும் ஒருவர் மாறி ஒருவர் போன் எடுத்து அழுகை. கலியாணப் பேச்சும் அண்டைக்குத்தான் தொடங்கினது.

மேலே ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான் விளங்குது. துணையும் இருக்கு, மட்டும் என்ற சொல்லும் இருக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

பழைய படக்குறிப்பு

தம்பி, உங்கள் வரியிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? "பனி. புட்டு. மீன்குழம்பு. சனிக்கிழமை." யாரும் அழுதிருக்கமாட்டார்கள். பொறாமைப்பட்டிருப்பார்கள்.

"மட்டும்" எப்போதும் வேண்டாதது என்று சொல்லமாட்டேன். எதன்மேல் அது விழுகிறது என்று பாருங்கள். "ஒரு டீ மட்டும்" என்றால் டீக்குப் பக்கத்தில் இன்னும் ஏதோ இருந்திருக்க வேண்டும், இல்லை. "இன்று படகுக்கு மட்டும்தான் காத்திருந்தேன்" என்றால் அது காத்திருப்பைக் குறைக்கிறது, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத நாள் என்று ஆகிறது. இரண்டிலும் ஒரே சொல்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதி. "போனேன்", "நின்றேன்", "சாப்பிட்டேன்" என்றாலே ஒரு ஆள் என்பது விகுதியில் இருக்கிறது. "நான் மட்டும்", "தனியாக", "ஒற்றையாக" எதுவும் சேர்க்கவே வேண்டாம். கூட யாராவது இருந்திருந்தால் "போனோம்" என்று எழுதியிருப்பீர்கள். தனியாகப் போனது தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். அதைப் பெரிதுபடுத்தவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கோமதி அக்கா

தம்பி சொன்ன மாதிரி எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. என் பெண் ஹைதராபாத்தில் இருக்கிறாள். அவள் போடுகிற ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. அம்மாக்காரி கேப்ஷனைப் படிக்கிறதில்லை மீனா, போட்டோவைப் பெரிசாக்கிப் பார்ப்பாள். கை மெலிந்திருக்கிறதா, ஸ்வெட்டர் போட்டிருக்கிறாளா என்று. அதனால் நீ என்ன எழுதினாலும் முதலில் அம்மாவிடம் பேசிவிடு. பேசிவிட்டாய், நல்லது.

இன்னொன்று, வயசை எண்ணாகப் போடாதே. சும்மா இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அது போதும்.

நிலா ரீல்ஸ்

வயது போட்டால்தான் பிறந்தநாள் என்றே தெரியும் அக்கா. "27" என்று ஒற்றை எண்ணை முதல் வரியில் போட்டுவிட்டு, கீழே ஒரு வரி. இப்போது எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள், சுத்தமாக இருக்கும்.

மடிப்பு விஷயம் எனக்குத் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹேஷ்டேக் வேண்டும், அதில் மாற்றமில்லை.

ஹூக்ளி மீனா

வயது போடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை அக்கா, சொந்தக்காரர்களுக்கு என் வயது என்னைவிட நன்றாகத் தெரியும் :) ஹேஷ்டேக் வேண்டாம் நிலா, என்னைத் தெரிந்தவர்கள் பார்த்தால் போதும்.

நான் கொஞ்சம் முயற்சி செய்தேன். மூன்று இருக்கிறது:

"அலாரம் வைக்காத பிறந்தநாள்."

"பாயசம் முழுக்க எனக்கே. பங்கு கேட்க ஆள் இல்லை."

"பனியால் படகு நின்றது. எனக்கு அவசரமில்லை. இன்று என் பிறந்தநாள்."

பழைய படக்குறிப்பு

மூன்றும் முதலில் எழுதியதைவிட ரொம்ப மேல். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலாரம் வரி எனக்குப் பிடிக்கிறது, ஆனால் அது போட்டோவுக்குப் பொருந்தவில்லை. படுக்கை, ஜன்னல், காலை வெயில், அப்படி ஒரு படம் இருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் நிற்கும் படத்துக்குக் கீழே தூக்கத்தைப் பற்றி எழுதினால் படிப்பவன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தடுமாறுவான்.

பாயச வரியில் முதல் பாதி அருமை. பேராசையும் குறும்பும் இருக்கிறது. சின்ன வயதில் வீட்டில் பாயசத்துக்குச் சண்டை போட்ட எல்லோருக்கும் அது புரியும். "பங்கு கேட்க ஆள் இல்லை" என்று விளக்கியதும் குறும்பு போய்விட்டது. முதல் பாதியில் சட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண், இரண்டாம் பாதியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எனக்கே" என்பதில் இருக்கும் ஏகாரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அதோடு நிறுத்துங்கள்.

மூன்றாவதுதான் இந்தப் படத்துக்கான வரி. ஒரு சின்ன விஷயம். "இன்று என் பிறந்தநாள்" என்பதில் "என்" தேவையா? உங்கள் பக்கத்தில் வேறு யாருடைய பிறந்தநாளாக இருக்கும்? "இன்று பிறந்தநாள்" என்றால் லேசாக, போகிற போக்கில் சொன்ன மாதிரி வருகிறது. "என்" வந்தால் வாழ்த்து கேட்கிற குரல் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் "பனியால்" வேண்டாம், படத்திலேயே பனி தெரிகிறது.

"படகு நின்றது" என்பதும் யோசிக்க வேண்டியது. நடு ஆற்றில் என்ஜின் நின்ற மாதிரி ஒரு அர்த்தம் வருகிறது. கோமதி அக்கா மாதிரி அம்மாக்கள் பயந்துவிடுவார்கள். "படகு தாமதம்" என்று வைத்தால் அந்தக் கவலை இல்லை.

கோமதி அக்கா

ஆமாம், படகு நின்றது என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது.

சாமானியன் 82

இவ்வளவு யோசித்து ஒரு போட்டோவுக்கு வரி எழுத வேண்டுமா? கேப்ஷன் இல்லாமலே போடலாமே. உண்மையிலேயே திருப்தியாக இருக்கிற ஆள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார் என்பது என் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஹூக்ளி மீனா

கோபமில்லை. நானும் அதை யோசித்தேன். ஆனால் நல்ல சாப்பாடு சாப்பிட்டால் யாரிடமாவது சொல்லத் தோன்றுகிறதுதானே, அப்படித்தான் இதுவும். கல்லூரித் தோழிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், நான் எப்படி இருக்கிறேன் என்று அவர்களுக்கு இதில்தான் தெரியும். சும்மா போட்டோ போட்டால் "என்னடி ஆச்சு, எங்கே இருக்க, யார்கூட" என்று பத்துக் கேள்வி வரும்.

சாமானியன் 82

சரி. ஆனாலும் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்காபரோ தம்பி

ஒண்டு கேட்கலாமா? உங்கட ஆபீசில் வங்காளிகள்தானே கூட? அவையள் பார்த்தால் எப்பிடி விளங்கும்? என்ர வேலை இடத்தில் ஆக்கள் "See translation" அமத்திப் பார்த்துவிட்டு வந்து என்னட்டக் கேட்பினம், சிரிப்பாக இருக்கும்.

பழைய படக்குறிப்பு

நல்ல கேள்வி. நான் முன்னால் புகழ்ந்த அதே விஷயம்தான் இங்கே காலை வாரும். எழுவாய் இல்லாத குட்டி வாக்கியங்களை இயந்திரம் மொழிபெயர்க்கும்போது யார் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. "அவசரமில்லை" என்று வெறுமனே விட்டால் யாருக்கு அவசரமில்லை என்று அதற்குத் தெரியாது, படகுக்கு அவசரமில்லை என்றுகூடப் போகலாம். "எனக்கு அவசரமில்லை" என்று மீனா எழுதியிருப்பது அதற்கு நல்லது. தமிழ்க் காதுக்கு "எனக்கு" இல்லாமலும் ஓடும், இருந்தாலும் உறுத்தாது. இருக்கட்டும்.

அவர்களுக்கென்று இன்னொரு மொழியில் கீழே அதையே மறுபடி எழுத வேண்டாம். பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும்.

நிலா ரீல்ஸ்

லொகேஷன் டேக் போடுங்கள். "கொல்கத்தா" என்று கேப்ஷனில் எழுத வேண்டியதில்லை, பெயருக்குக் கீழே தானாக நிற்கும். ஒரு சொல் மிச்சம். நேற்று எடுத்த போட்டோ என்பதால் இப்போது போடுவதில் ஆபத்தும் இல்லை. அங்கே நிற்கும்போதே போடாதீர்கள், அதுவும் தனியாகப் போன இடத்தில். ஊர் பெயர் போதும், வீடு இருக்கும் ஏரியா பெயரைப் போடாதீர்கள்.

பழைய படக்குறிப்பு

இதை நான் யோசிக்கவில்லை. நிலா சொல்வது முழுக்கச் சரி. "புது ஊர்" என்ற சொல்லும் அதோடு போய்விடுகிறது பாருங்கள். பெயரைப் பார்த்தால் தெரிந்தவர்களுக்குப் புது ஊர் என்று புரிந்துவிடும்.

திண்டுக்கல் சேகர்

எனக்கு ஒரு சந்தேகம். பிறந்தநாள் என்பதை முன்னால் சொல்ல வேண்டாமா? "இன்று பிறந்தநாள். படகு தாமதம். எனக்கு அவசரமில்லை." இப்படி வைத்தால் வாழ்த்துகிறவர்களுக்கு உடனே தெரியும்.

பழைய படக்குறிப்பு

வாழ்த்து நிறைய வரவேண்டும் என்றால் உங்கள் வரிசைதான் சரி. ஆனால் பிறந்தநாள் முதலில் வந்து அடுத்து "படகு தாமதம்" என்று வந்தால், ஐயோ பிறந்தநாள் அன்றைக்குப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு குறை ஏறிக்கொள்கிறது. தாமதம் முதலில் வந்தால் அது சாதாரணச் செய்தி. அடுத்து அவசரமில்லை என்கிறார், ஏன் என்று ஒரு சின்னக் கேள்வி எழுகிறது. பிறந்தநாள் அதற்குப் பதிலாக வந்து நிற்கிறது. மூன்று வாக்கியமும் குட்டி என்பதால் மடிப்புக்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

வயதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது நிலாவும் கோமதி அம்மாவும் பேசித் தீர்க்க வேண்டியது.

கோமதி அக்கா

போட வேண்டாம்.

நிலா ரீல்ஸ்

போட வேண்டும்.

ஹூக்ளி மீனா

போட்டுவிட்டேன். கடைசியில் இது:

"படகு தாமதம்.
எனக்கு அவசரமில்லை.
நேற்று பிறந்தநாள்."

ஒரு நாள் கழித்துப் போடுகிறேன், "இன்று" என்றால் பொய்யாகிவிடும் என்று மாற்றினேன். வயது போடவில்லை, வரிக்குள் இடம் இல்லாத மாதிரி இருந்தது. வாட்ஸ்அப்பிலும் அதேதான்.

வந்த பதில்கள்: தோழி ஒருத்தி "பாலம் எங்கடி?" என்கிறாள். ஆபீஸ் அக்கா ஒருவர், சொல்லவே இல்லையே என்று செல்லமாகத் திட்டினார். அம்மா ஸ்வெட்டர் தெரிகிறது என்று சொன்னாள், கோமதி அக்கா சொன்னது அப்படியே நடந்தது. பெரியப்பா மட்டும் "ஏம்மா தனியாவா கொண்டாடின, பாவம்" என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் போடுவது?

பழைய படக்குறிப்பு

"இல்லை பெரியப்பா, நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதிவிடாதீர்கள், முதல் வரியின் கதை மறுபடி ஆரம்பிக்கும். வெட்டி வைத்த பாதி வரி ஒன்று உங்களிடம் இருக்கிறதே. "ஆமாம் பெரியப்பா, பாயசம் முழுக்க எனக்கே!" என்று போடுங்கள்.

நேற்று என்று மாற்றியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். இன்று என்றால் அந்த நிமிடம் நடப்பது போல இருந்தது. படக்குறிப்பில் படம் எடுத்த நேரத்துக்கே "இன்று" எழுதுவது வழக்கம்தான், யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

ஹூக்ளி மீனா

அது எனக்குத் தெரியும், ஆனாலும் இன்று என்று போட்டால் தேதி பார்க்கிற தோழிகள் விடமாட்டார்கள். நேற்றே இருக்கட்டும்.

பெரியப்பாவுக்குப் பாயசப் பதில் போட்டாயிற்று. "எனக்கு?" என்று கேட்கிறார்.

கோமதி அக்கா

அந்த வெல்லப் பாயசம், பால் திரியாமல் எப்படிச் செய்தாய்? நான் வெல்லம் போட்டால் பாதி நேரம் திரிந்துவிடுகிறது.

ஹூக்ளி மீனா

அரிசி பாலிலேயே குழைய வெந்து, பால் நன்றாகச் சுண்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும் அக்கா. சூடு கொஞ்சம் தணிந்த பிறகு வெல்லத்தைப் போட்டுக் கலக்கினால் போதும், திரும்ப அடுப்பில் ஏற்றக் கூடாது. கொதிக்கும்போது போட்டால்தான் திரியும். பனைவெல்லத்திலும் இதே மாதிரி செய்து பாருங்கள்.